இல்லாத ஆறாவது கேள்வி

தேர்வு வாரியத்தின் வாசலில் செவிலியர் பயிற்சிப் பிள்ளைகள் அறுபது எழுபது பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தூக்கிப் பிடித்திருந்த அட்டையில் 'முட்டுச்சந்தே, வழி விடு' என்று எழுதியிருந்தது. முட்டுச்சந்துக்கு முதலில் தோன்றியது, கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்பதுதான். அது தன்னைக் குறிக்கிறது என்பது அதற்கடுத்த விநாடியில்தான் உறைத்தது.

மருந்தளவுக் கணக்குத் தாளை அமைப்பவர் யார் என்பது ரகசியம். வாரியத்தின் கதவுகள், சுவர்கள், வாயில் காவலாளி, எதிர்க் கடை டீ மாஸ்டர் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். ஏழு வருடமாக முட்டுச்சந்துதான் அமைக்கிறார். அவருடைய கேள்விக்குள் நுழைந்தவர்கள் பாதி தூரம் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு திரும்புவார்கள். அந்தப் பட்டப்பெயர் வந்த வழி அதுதான். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமையும் உண்டு. சுலபமான கேள்வி கேட்பவனுக்கு யார் பட்டப்பெயர் வைக்கப்போகிறார்கள்?

தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருந்த கோப்பை முகத்துக்கு நேரே பிடித்தபடி அவர் உள்ளே நுழைந்தார். கோப்பின் மேல் 'மருந்தளவுக் கணக்கு' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்ததை மாடிப்படியில்தான் கவனித்தார்.

இன்றைக்கு மதிப்பெண் சரிசெய்யும் கூட்டம். தேர்வு எழுதியவர்கள் ஆயிரத்து எண்ணூற்று அறுபது பேர். திருத்தி முடித்தாயிற்று. நூற்றுக்குச் சராசரி நாற்பத்தொன்று. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். இப்படியே வெளியிட்டால் ஐந்தில் நாலு பேர் தோல்வி.

ஆனால் முட்டுச்சந்தின் கவலை அது இல்லை. அடுத்த வாரம் வினாத்தாள் குழுவுக்குத் தலைவர் நியமனம். பழைய தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இருந்த அறை மூன்றாம் மாடியில், ஜன்னலோடு, குளிரூட்டியோடு, முக்கியமாகத் தனிக் கழிப்பறையோடு காலியாகக் கிடந்தது. பொதுக் கழிப்பறையில் இருபது வருடம் வரிசையில் நின்ற மனிதருக்கு அந்த வெள்ளை ஓடு பதித்த சிற்றறை சொர்க்கம் மாதிரி. "உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்" என்று கன்ட்ரோலர் போன மாதமே காதில் போட்டிருந்தார். தேர்வுகளை நடத்தும் அதிகாரி அவர். அவர் எழுதினால் எழுதியதுதான்.

காலையில் அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது, தன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி கேட்டிருந்தாள்.

"இன்னிக்குத்தானே அந்தக் கூட்டம்?"

"ஆமா."

"எங்க வார்டுக்குப் பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் அந்தத் தாளைத் திட்டுதுங்க. நானும் கூடச் சேர்ந்து ரெண்டு வார்த்தை திட்டினேன். இல்லைன்னா சந்தேகம் வரும் பாருங்க."

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டின் தலைமைச் செவிலி. வீட்டிலும் அதே பதவிதான்.

"தாள்ல ஒரு தப்பும் இல்ல. பிள்ளைங்க படிக்கல" என்றார்.

"ஒரு வருஷத்துப் பிள்ளைங்க மொத்தமா படிக்காம போயிட்டாங்களா? பேசி வச்சுக்கிட்டா?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மார்க் போடணும்னா போடுங்க. ஆனா வாரி வழங்கிட்டு வராதீங்க. புள்ளி வைக்கத் தெரியாதவங்க பாஸாகி நேரா என் வார்டுக்குத்தான் வருவாங்க. அரை மில்லி ஊத்த வேண்டிய இடத்துல அஞ்சு மில்லி ஊத்துவாங்க. அப்புறம் நான் உங்களைத்தான் கூப்பிடுவேன், பார்த்துக்கோங்க."

கூட்ட அறையில் நீள மேசை. கன்ட்ரோலர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிலும் இரண்டு ஆசைகள்தான். ஒன்று, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு, பகல் சாப்பாட்டுக்கு முன்னால் முடிய வேண்டும். வலப்பக்கம் தலைமைத் திருத்துநர். முப்பது வருடமாக விடைத்தாள் திருத்துகிற அம்மா. விரலில் சிவப்பு மை போகவே போகாது, அதனால் பெயரே சிவப்பு மை. இடப்பக்கம் மடிக்கணினியோடு வாரியத்தின் புள்ளியியல் அதிகாரி. எல்லாருக்கும் அவள் புள்ளி மேடம். வயதில் சின்னவள், பேச்சில் அப்படி இல்லை.

"ஆரம்பிக்கலாமா? வாசல்ல சத்தம் கேக்குதுல்ல" என்றார் கன்ட்ரோலர். "தாள் கஷ்டமா, பிள்ளைங்க மக்கா? முதல்ல அதைச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

"பிள்ளைங்கதான்" என்றார் முட்டுச்சந்து. "மூணு மணி நேரத் தாள். நான் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தஞ்சு நிமிஷம்."

"கேள்வியை எழுதினதும் நீங்கதானே சார்?" என்றாள் புள்ளி மேடம்.

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. நான் ஒளிச்சு வச்ச சாவியை நான் தேடினா எனக்கும் சீக்கிரம் கிடைக்கும்."

சிவப்பு மை இருமினார். அது சிரிப்பு என்பது எல்லாருக்கும் தெரியும்.

புள்ளி மேடம் கணினியைத் திருப்பிக் காட்டினாள். "முதல் பகுதியில நாற்பது சின்னக் கேள்வி, ஒவ்வொண்ணும் ஒரு மார்க். அதுல இருபது போன வருஷத் தாள்ல வந்த அதே கேள்விங்க, ஒரு எழுத்து மாறாம. வருஷா வருஷம் அப்படித்தான் வைக்கிறோம், நங்கூரக் கேள்வின்னு பேரு. வினாத்தாளை வெளியே விடாம எண்ணி வாங்கிடறதால அந்தக் கேள்விங்க யாருக்கும் கிடைக்கிறதில்ல. கசிஞ்சிருக்குமோன்னு கல்லூரி கல்லூரியா பார்த்தேன். எங்கயும் திடீர்னு ஏறல. அந்த இருபதுல போன வருஷப் பிள்ளைங்க சராசரியா பன்னிரண்டு புள்ளி நாலு. இந்த வருஷம் பன்னிரண்டு புள்ளி ஒண்ணு."

"அதனால?" என்றார் கன்ட்ரோலர்.

"அதனால ரெண்டு வருஷத்துப் பிள்ளைங்களும் கிட்டத்தட்ட ஒரே உயரம். இந்த வருஷம் ஒரு மயிரிழை குட்டை, அவ்வளவுதான். ஆனா மொத்தச் சராசரி போன வருஷம் ஐம்பத்திரண்டு, இந்த வருஷம் நாற்பத்தொண்ணு. ஆளு அதே ஆளு, நிலைவாசல்தான் தாழ்ந்துபோச்சு. எல்லாரும் தலையில இடிச்சுக்கிட்டாங்க."

முட்டுச்சந்து கணினித் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த இருபது கேள்விகளில் பதினெட்டு அவரே எழுதியவை. அவற்றை மட்டமான கேள்விகள் என்று சொல்லவும் வழியில்லை. தன் பிள்ளைகளே தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்ததுபோல அவர் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க இடிச்சாங்கன்னு நான் சொல்றேன்" என்றார் சிவப்பு மை. "ரெண்டாம் பகுதியில. ஒவ்வொரு பெரிய கணக்கையும் நாலு துண்டா வெட்டியிருக்கார். முதல் துண்டுல வர்ற விடையை வச்சுத்தான் ரெண்டாவது, அதை வச்சு மூணாவது. முதல்ல சறுக்கினவன் கடைசி வரைக்கும் சறுக்குறான். முதல் விடை தப்பானாலும் அடுத்த படியோட வழி சரின்னா மார்க் போடச் சொல்லித்தான் திருத்தினோம். ஆனா பாதிப் பேர் அங்கயே உக்காந்து அழிச்சு அழிச்சு எழுதி நேரத்தை விட்டுட்டாங்க. கடைசிக் கணக்கை ஆயிரம் பேர் தொடவே இல்ல. ஒருத்தி மட்டும் கடைசிப் பக்கத்துல, 'ஐயா, இந்த நோயாளி நான் கணக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள குணமாகி வீட்டுக்குப் போயிட்டார்'னு எழுதியிருக்கா."

"மார்க் போட்டீங்களா?" என்று கேட்டார் கன்ட்ரோலர்.

"மனசுக்குள்ள போட்டேன்."

தாள் கடினம் என்பது முடிவாயிற்று. முட்டுச்சந்தைத் தவிர யாருக்கும் அதில் வருத்தம் இல்லை. எவ்வளவு சரிசெய்வது என்பதுதான் மிச்சம். கன்ட்ரோலர் விதிப் புத்தகத்தை எடுத்து, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்தார்.

"விதி என்ன சொல்லுதுன்னா, தாள் அமைக்கிறவர் எந்தக் கேள்விக்கு எவ்வளவு சராசரி எதிர்பார்க்கிறார்னு முன்கூட்டியே ஒரு படிவத்துல எழுதி, அரக்கு முத்திரை வச்சுக் கொடுக்கணும். உண்மைச் சராசரி அதைவிடப் பத்துக்கு மேல குறைஞ்சா வித்தியாசத்தை எல்லாருக்கும் கூட்டிக் கொடுக்கலாம். படிவம் இல்லைன்னாலோ செல்லாதுன்னாலோதான், முந்தின வருஷத்தோட ஒப்பிட்டுப் புள்ளியியல் முறை. நமக்குப் படிவம் இருக்கு." உறையை எடுத்து மேசையில் வைத்தார். "எழுத்துல இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிடலாம்."

அந்த உறைகளை ஏழு வருடத்தில் யாரும் திறந்ததில்லை. தாள் ஒழுங்காகப் போய்விட்டால் உறை அப்படியே பெட்டிக்குள் தூங்கும். அதனால்தான் முட்டுச்சந்து அந்தப் படிவத்தை ஒரே ஒரு தடவை, முதல் வருடத்தில், யோசித்து நிரப்பினார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் முந்தின வருட நகலைப் பார்த்து அப்படியே எழுதித் தேதியை மட்டும் மாற்றி, முத்திரை வைத்துக் கொடுத்துவிடுவார். அரக்கு உருக்குவதுதான் அதில் நேரம் பிடிக்கிற வேலை. அதை மட்டும் அவர் மிகுந்த கவனத்தோடு செய்வார்.

இந்த வருடம்தான் தாளின் அமைப்பை மாற்றியிருந்தார். எப்போதும் இரண்டாம் பகுதியில் பத்து மதிப்பெண் கணக்கு ஆறு இருக்கும். இந்தத் தடவை பன்னிரண்டு மதிப்பெண் கணக்கு ஐந்து. படிவத்தை மட்டும் மாற்றவில்லை. முத்திரை உடைகிற சத்தம் கேட்டபோது அவருக்கு அது நினைவு வந்தது. யாராவது அதை ஒரு கண் பார்த்தால் போதும். இல்லாத ஆறாவது கேள்விக்கு அவர் சராசரி ஐந்து மதிப்பெண் எதிர்பார்த்திருந்தார்.

கன்ட்ரோலர் படிவத்தை விரித்தார். கண்ணாடியைத் தூக்கி, அடிவரிக்கு நேரே போனார்.

"மொத்தம் ஐம்பத்தெட்டு" என்றார். "எதிர்பார்ப்பு ஐம்பத்தெட்டு, வந்தது நாற்பத்தொண்ணு. வித்தியாசம் பதினேழு. ஆளுக்குப் பதினேழு. முடிஞ்சது." படிவத்தை மடித்து உறைக்குள் திருப்பி வைத்தார்.

முட்டுச்சந்து மூச்சு விட்டார். அந்த மூச்சில் ஒரு வெள்ளை ஓடு பதித்த சிற்றறை மறுபடியும் தெரிந்தது. இந்த மனிதர் கூட்டுத்தொகையைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. எவ்வளவு நல்ல குணம்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் புள்ளி மேடம். "ஐம்பத்தெட்டுங்கிறது அவரோட ஆசை. போன வருஷம் நல்ல தாளுக்கே ஐம்பத்திரண்டுதான் வந்துச்சு. ஒப்பிட்டுப் பார்த்தா இந்த வருஷப் பிள்ளைங்க போன வருஷத் தாளை எழுதியிருந்தா ஐம்பத்தொண்ணு கிட்ட வாங்கியிருப்பாங்க. நடுவுல இருக்கிறவங்களுக்குப் பத்து மார்க் நியாயம். பதினேழு அதிகம். அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்கிறது தப்பு."

"ஏன் தப்பு? பந்தியில எல்லாருக்கும் ஒரே சாப்பாடு."

"கஷ்டமான தாள் எல்லாரையும் ஒரே அளவு அழுத்தாது சார். வெறும் தாளைக் கொடுத்தவன் எந்தத் தாளுக்கும் வெறும் தாளைத்தான் கொடுப்பான், அவனுக்கு இந்தத் தாளால நஷ்டம் ஒண்ணுமில்ல. நிறையத் தெரிஞ்சவங்கதான் நிறைய இழந்திருக்காங்க. போன வருஷம் மார்க் விரிஞ்சு கிடந்தது, இந்த வருஷம் சுருங்கிப்போச்சு. சராசரியைத் தூக்கணும், சுருங்கினதை விரிக்கவும் செய்யணும். என் கணக்குப்படி இருபது வாங்கினவனுக்கு நாலு கூடும், நாற்பதுக்குப் பத்து, அறுபதுக்குப் பதினஞ்சு. யாருக்கும் குறையாது, யார் வரிசையும் மாறாது."

"நல்லா வாங்கினவனுக்கே மேலும் அள்ளிக் கொடுக்கிறதா? வாசல்ல இருக்கிறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?" கன்ட்ரோலர் உறையைத் தட்டினார். "அம்மா, உங்க கணக்கு சரியாவே இருக்கட்டும். ஆனா படிவம் இருக்கும்போது நான் உங்க கணக்குக்குப் போக முடியாது. விதி."

"பதினேழு கூட்டினா முப்பத்திமூணு வாங்கினவன் பாஸ்" என்றார் சிவப்பு மை. "புள்ளி சொல்றபடின்னா நாற்பது வாங்கினவன் பாஸ். நடுவுல எத்தனை பேரும்மா?"

"நானூத்துப் பதினஞ்சு."

சிவப்பு மை காலடியிலிருந்த பையிலிருந்து விடைத்தாள் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் பரப்பினார். பெயரும் எண்ணும் கிழித்து எடுக்கப்பட்ட தாள்கள். "முப்பத்திமூணு வாங்கினது அஞ்சு, நாற்பது வாங்கினது அஞ்சு. கண்ணை மூடிக்கிட்டு உருவினது. எல்லைக்கோட்டுத் தாளைப் பார்க்காம நான் எங்கயும் கையெழுத்துப் போட்டதில்ல. நீங்களே பாருங்க" என்று முட்டுச்சந்தின் பக்கம் தள்ளினார். "உங்க பாடம்தானே."

அவர் நாற்பது வாங்கிய தாள்களில் ஒன்றைப் புரட்டினார். சொட்டு வேகக் கணக்கு. எடையால் பெருக்கியிருந்தது, மணியை நிமிஷமாக மாற்றியிருந்தது, மூன்றாவது துண்டில் நேரம் தீர்ந்து பாதி வரியில் பேனா நின்றிருந்தது. அடுத்ததும் அப்படியே. எழுதியது சரி, எழுதி முடிக்கவில்லை. இன்னும் இருபது நிமிஷம் கொடுத்திருந்தால் முடித்திருப்பார்கள். அந்த இருபது நிமிஷத்தைத் தின்றது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

முப்பத்திமூன்றை எடுத்தார். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து. மில்லிகிராமை மில்லியாக மாற்றுகிற இடத்தில் புள்ளி ஒரு இடம் நகர்ந்திருந்தது. விடை பத்து மடங்கு. அடிக்கோடு வேறு இரண்டு போட்டிருந்தது, அவ்வளவு உறுதி. அடுத்த தாளிலும் பத்து மடங்கு. மூன்றாவதில் பத்தில் ஒரு பங்கு. நாலாவது சரி. ஐந்தாவதில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு நாற்பது மில்லி என்று எழுதி, அருகில் 'மெதுவாகக் கொடுக்கவும்' என்று அக்கறையோடு குறிப்பும் எழுதியிருந்தது.

இவை கடினமான கேள்விகள் இல்லை. முதல் துண்டு. யாரும் முட்டிக்கொள்ள அங்கே சந்து கிடையாது.

"என்ன சார், பார்த்தாச்சா?" கன்ட்ரோலர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினேழுன்னு எழுதிடலாமா? தாள் அமைச்சவர் நீங்க ஒத்துக்கிட்டதா ஒரு வரி போட்டுக்கறேன். அடுத்த வாரம் மூணாவது மாடியில டீ குடிக்கலாம்."

முட்டுச்சந்து 'எழுதுங்க' என்றுதான் சொல்ல வந்தார். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண் முன்னால் அந்த நாற்பது மில்லி நின்றது. இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் கூப்பிடுவாள். எந்த நேரம் என்றும் பார்க்க மாட்டாள், யார் முன்னாலும் கூப்பிடுவாள்.

"அந்தப் படிவத்தை மறுபடி எடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"எடுத்து அடிவரியை விட்டுட்டு மேல படிங்க. ரெண்டாம் பகுதி."

கன்ட்ரோலர் வேண்டாவெறுப்பாக விரித்தார். "ஒண்ணாவது கேள்வி, பத்துக்கு ஆறு. ரெண்டாவது, பத்துக்கு ஆறு. மூணாவது ஆறு, நாலாவது ஆறு, அஞ்சாவது அஞ்சு, ஆறாவது அஞ்சு. இப்ப என்ன?"

"தாள்ல எத்தனை கேள்வி?"

கன்ட்ரோலருக்குத் தெரியவில்லை. அவர் வினாத்தாளை எப்போதும் எண்ணிக்கையாகத்தான் பார்த்திருக்கிறார், ஒன்றைக்கூடப் படித்ததில்லை. புள்ளி மேடம் மெல்லச் சொன்னாள். "அஞ்சு சார். ஒவ்வொண்ணும் பன்னிரண்டு மார்க்."

"அப்ப இந்த ஆறாவது?"

"அது போன வருஷத்துது" என்றார் முட்டுச்சந்து. "போன வருஷத்துதும் அதுக்கு முந்தின வருஷத்துது. ஏழு வருஷமா அதே ஐம்பத்தெட்டு. தேதியை மட்டும் மாத்துவேன்."

வாசலில் பிள்ளைகள் ஏதோ கோஷம் போட்டார்கள். அவருடைய பட்டப்பெயர் தெளிவாகக் கேட்டது.

"ஓய்" என்றார் கன்ட்ரோலர், மரியாதையைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல். "நான்தான் படிக்கலையே. நீர் ஏன் வாயைத் திறந்தீர்?"

"படிவம் செல்லாதுன்னு எழுதுங்க. அப்பத்தான் அந்தம்மா கணக்குக்குப் போக முடியும்."

"எழுதினா உம்ம பேர் கெடும்."

"தெரியும்."

"மூணாவது மாடி போகும்."

"அதுவும் தெரியும்" என்றார் முட்டுச்சந்து. இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

கன்ட்ரோலர் கடைசி முயற்சியாக, கூட்டக் குறிப்பில் 'படிவத்தில் ஏற்பட்ட எழுத்துப் பிழை காரணமாக' என்று எழுதலாமா எனக் கேட்டுப் பார்த்தார். சிவப்பு மை பேனாவை மூடினார். "ஏழு வருஷமா அழகா முத்திரை வச்ச எழுத்துப் பிழையா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்." கடைசியில், 'எதிர்பார்ப்புப் படிவம் இவ்வாண்டுத் தாளுக்காகத் தயாரிக்கப்பட்டதன்று என அதை அமைத்தவரே தெரிவித்ததால் அது செல்லாது' என்று எழுதினார்கள். அதற்குக் கீழே புள்ளி மேடத்தின் கணக்கு. நாற்பது ஐம்பதாகும். முப்பத்திமூன்று நாற்பத்தொன்றாகும், அவர்கள் மூன்று மாதத்தில் மறுபடி எழுதலாம். தேர்ச்சி ஆயிரத்து முப்பது பேர். போன வருடத்தைவிட ஓரிரு சதவீதம் குறைவு, அந்த மயிரிழை அளவு.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கன்ட்ரோலர் முட்டுச்சந்தை மன்னிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவி கேட்டாள். "எவ்வளவு போட்டீங்க?"

அவர் சொன்னார். முப்பத்திமூன்றைப் பற்றியும், நாற்பது மில்லியைப் பற்றியும் சொன்னார். 'மெதுவாகக் கொடுக்கவும்' என்ற குறிப்பைச் சொன்னபோது அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு படிவத்தைப் பற்றிச் சொன்னார். அதற்குத்தான் அவள் சிரித்தாள்.

"இல்லாத கேள்விக்கு அஞ்சு மார்க்கா? ஏங்க, அதுக்கு முழுசா பத்து எதிர்பார்த்திருக்கலாமே. யாரும் தப்பா எழுத முடியாதுல்ல."

"அறை போச்சு" என்றார்.

"எந்த அறை?"

"கழிப்பறை."

"வீட்டுல ஒண்ணு இருக்கே. அதுல வரிசையா நிக்குது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சேர்த்து டீ கொண்டுவந்து வைத்தாள். அது வழக்கமில்லை.

அடுத்த வாரம் சிவப்பு மை குழுத் தலைவரானார். மூன்றாம் மாடி, ஜன்னல், எல்லாம் அவருக்கு. முட்டுச்சந்தைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் அதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்தார். மறுதேர்வுத் தாளை வேறொருவரை வைத்து அமைத்துவிட்டு, முட்டுச்சந்தை ஒரு பத்து மணிக்கு வரச் சொன்னார்.

அறையில் புள்ளி மேடமும் இருந்தாள். மேசையில் ஒரு வினாத்தாள், ஒரு வெற்றுப் படிவம், ஒரு கடிகாரம்.

"இது இன்னொருத்தர் ஒளிச்சு வச்ச சாவி" என்றார் சிவப்பு மை. "உக்காந்து போடுங்க. அப்புறம், எல்லையில நிக்கிற ஒரு பிள்ளையை மனசுல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் அது எவ்வளவு வாங்கும்னு படிவத்துல எழுதுங்க. இதே தாளை இன்னும் ஆறு பேர் தனித்தனியா எழுதறாங்க. ஏழு படிவத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் இனிமே தாள் அச்சுக்குப் போகும்."

"நான் எவ்வளவு நேரத்துல போடணும்?"

"பிள்ளைங்களுக்கு மூணு மணி நேரம். நீங்க ஒரு மணி நேரத்துல முடிக்கணும்னு எதிர்பார்க்கிறோம்."

அவர் உட்கார்ந்தார். முதல் பகுதி தண்ணீர் பட்ட பாடாகப் போனது. இரண்டாம் பகுதியின் மூன்றாவது கணக்கில், சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு அளவைக் குறைக்கிற இடத்தில், ஒரு வரியை அழித்தார். மறுபடி எழுதினார். மறுபடி அழித்தார். தலையை நிமிர்த்தியபோது, உட்கார்ந்து ஒரு மணி நேரம் இருபத்திரண்டு நிமிஷம் ஆகிவிட்டதாகக் கடிகாரம் காட்டியது.

புள்ளி மேடம் அதைக் குறித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சந்து எப்படி சார் இருக்கு?" என்றார் சிவப்பு மை ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"முட்டுது" என்றார்.

படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். முன்னால் நகல் எதுவும் இல்லை. நாற்பது வாங்கிய அந்த விடைத்தாளை, பாதி வரியில் நின்றுபோன பேனாவை நினைத்துப் பார்த்தார். மூன்றாவது கேள்விக்கு நேரே பன்னிரண்டுக்கு ஆறு என்று கை பழக்கத்தில் எழுதியது. அதை அடித்துவிட்டு நாலு என்று எழுதினார். கொஞ்ச நேரம் யோசித்து நாலையும் அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் 'கடினம்' என்று குறித்தார். அந்தச் சொல்லை ஒரு தாளைப் பற்றி அவர் எழுதியது அதுவே முதல் தடவை.

பிறகு எழுந்து, அந்த அறையின் கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார்.

"தாராளமா" என்றார் சிவப்பு மை. "ஆனா கடிகாரம் ஓடிக்கிட்டுதான் இருக்கும்."